வினைச்சொல்லுக்கு முன் அறுபடும் வரி

2018 மார்ச்சில் மன்னார் நகரில், பஸ் நிலையத்துக்கு அருகே சதொச கட்டடம் கட்டத் தோண்டிய மண்ணில் மனித எலும்புகள் தென்பட்டன. நீதிமன்ற உத்தரவின் பேரில் நடந்த அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளுடையவையும் அவற்றில் இருந்தன. 6 மாதிரிகள் கார்பன் காலக்கணிப்புக்காக அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த அறிக்கை அவற்றின் காலத்தை கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டது என்றது.

அந்த அறிக்கையைச் செய்தியாக எழுதியவர்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கூகுளில் தேடும்போது தலைப்பின் கீழே சிறிய எழுத்தில் தெரியும் இரண்டு வரி, மெட்டா விவரணம். பலர் செய்தியைத் திறப்பதே இல்லை. அந்த இரண்டு வரியோடு நகர்ந்துவிடுகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்கு ஊரிலுள்ள யாரோ கைப்பேசியைப் பார்த்து வாசித்துச் சொல்வதும் அதுவாகவே இருக்கலாம். அந்த இடத்தில் எதைச் சொல்வது நியாயம்?

“மன்னார் புதைகுழி மர்மம் விலகியது, அமெரிக்கா தந்த அதிர்ச்சி முடிவு” என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதில் பொய் என்று பிடிக்க ஒரு சொல்லும் இல்லை. ஆனால் சில எழுத்திலேயே சொல்லக்கூடிய விடையை, ஆண்டை, வேண்டுமென்றே மறைத்திருக்கிறார். அந்த மறைப்பில் தவிப்பவர் பொழுதுபோக்கு வாசகர் அல்ல.

இதைவிட நுட்பமான தவறு, கேள்விக்குறியை ஒட்டிவிடுவது. 1544இல் யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலி மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொன்ற வரலாறு எல்லாருக்கும் தெரியும். அந்த ஆண்டு 1404–1635க்குள் கச்சிதமாக விழுகிறது. “சங்கிலி கொன்ற வேதசாட்சிகளின் எலும்புகளா?” என்று கேட்டால் சொடுக்குகள் குவியும். ஆய்வகம் சொன்னது காலத்தை மட்டுமே. இறந்தவர் யார், எப்படி இறந்தார் என்பதை அல்ல. கேள்விக்குறி எழுதியவருக்குத் தப்பிக்க ஒரு வாசல். வாசகர் மனத்தில் பதிவது விடைதான்.

எதிர்த்திசையிலும் இதே தவறு உண்டு. “எலும்புக்கூடுகள் 400 ஆண்டு பழையவை” என்பது அடக்கமான வரிபோலத் தோன்றும். சோதித்தவை 6 மாதிரிகள். எடுத்தவை 300க்கும் மேல். அந்த ஆறு மற்ற அனைத்துக்கும் சாட்சியாகுமா என்பதுதான் வழக்கின் சர்ச்சையே. எண்ணை விட்டுவிட்டால், வரி தன்னை அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கூகுள் இத்தனை எழுத்து என்று எல்லை வகுக்கவில்லை; திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. ஆங்கிலத்துக்கு 155 குறிகள் என்று தொழிலில் ஒரு கணக்கு புழங்குகிறது. ‘மன்னார்’ நமக்கு 4 எழுத்து, கணினிக்கு 7 குறிகள். போதாததற்கு நம் எழுத்துகள் அகலமானவை. ஆக, தமிழ் வரி சீக்கிரமே அறுபடுகிறது. தமிழிலோ வினை கடைசியில்தான் வரும், மறுப்பும் அங்கேதான். “இந்த எலும்புகள் போர்க்காலத்தைச் சேர்ந்தவை என்று கூற முடியாது” என்பது நடுவில் வெட்டுப்பட்டால் “இந்த எலும்புகள் போர்க்காலத்தைச் சேர்ந்தவை…” என்று நிற்கும். எழுதியவர் நேர்மையாளர்; திரையில் தெரிவது நேர் எதிர்.

மறுப்பை வால்பகுதியில் வைக்காமல், உறுதியானதை முன்னால் நிறுத்துவதே வழி:

```html
<meta name="description" content="மன்னார் சதொச புதைகுழி: 6 எலும்பு மாதிரிகள் கி.பி. 1404–1635 காலத்தவை என்கிறது அமெரிக்க ஆய்வகம். மீட்கப்பட்டவை 300க்கும் மேல்.">
```

“அமெரிக்க ஆய்வகம்” என்ற இடத்தில் வெட்டினாலும் இந்த வரி கெடுவதில்லை. முதல் ஐந்தாறு சொற்களிலேயே இடமும் எண்ணிக்கையும் வந்துவிடுகின்றன.

எல்லாவற்றையும் வெளியிலேயே சொல்லிவிட்டால் யார் உள்ளே வருவார், விளம்பரக் காசில் ஓடும் சிறு தளங்கள் எப்படிப் பிழைக்கும் என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மாதிரிகளை யார் தேர்ந்தார்கள், கார்பன் கணக்கு ஏன் 200 ஆண்டுக்கு மேல் விரிகிறது, காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்களின் சட்டத்தரணிகள் எதை ஏற்கவில்லை என்பதெல்லாம் இரண்டு வரிக்குள் அடங்காது. உள்ளே வர அவை போதும். ஆண்டைப் பூட்டி வைத்து அழைக்கத் தேவையில்லை. அப்படியும் சில சொடுக்குகள் குறையும். அந்த இழப்பு உண்மையானது.

எழுதிய வரியைத்தான் கூகுள் காட்டும் என்ற உறுதியும் இல்லை. தேடுபவரின் சொல்லுக்குப் பொருத்தமாகக் கட்டுரையின் நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை அதுவே உருவி வைக்கும். அதனால் “6 மாதிரிகள்” என்பது மெட்டா வரியில் மட்டும் இருந்தால் போதாது. முடிவைச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் அது இருக்க வேண்டும். வேறொரு பரிசோதனை பின்னால் வந்து கட்டுரை திருத்தப்படும்போது, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இந்த வரியைத் திருத்த மறப்பதுதான் பொதுவாக நடப்பது.