ஜூனியர் மேலே போனபோது

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேனேஜர் காலண்டரில் பதினைந்து நிமிடம் போட்டிருந்தார். நல்ல செய்தி என்றால் அரை மணி நேரம் போடுவார் என்பது எங்கள் டீமில் எல்லோருக்கும் தெரியும். டெக் லீட் பொறுப்பும் அதற்கான புது லெவலும் என் சக ஊழியருக்குப் போகிறது என்றார். அவர் சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது. நான் அதே டீமில் ஆறு வருடம். "இது உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை" என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொன்னதும்தான் அது என்னைப் பற்றிய தீர்ப்பு என்று புரிந்தது.

அன்று இரவு ஊருக்கு ரயில் ஏறினேன். செங்கல்பட்டு வரைக்கும் ராஜினாமா மெயிலை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் வண்டி நின்றபோது அதற்கு மூன்று வடிவங்கள் இருந்தன. மூன்றிலுமே என் ஆறு வருடம் முதல் வரியில் இருந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கும்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. ஆறு வருடம் என்பதை நான் ஒரு காரணமாகச் சொல்கிறேனா, ஒரு கடன் பாக்கியாகச் சொல்கிறேனா?

அப்பா அரசுத் துறை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் மேல 17-பி எதாவது இருக்கா?"

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் உலகத்தில் அது சரியான கேள்வி. தமிழ்நாட்டு அரசுப் பணியில் பதவி உயர்வுக்கு ஒரு பட்டியல் தயாராகும், பேனல் என்பார்கள். முதுநிலைப் பட்டியலில் யார் முன்னால் இருக்கிறார் என்று சுவரில் ஒட்டாத குறையாக எல்லோருக்கும் தெரியும். உங்களைத் தாண்டி உங்கள் ஜூனியர் போகிறார் என்றால் அதற்கு எழுத்தில் ஒரு காரணம் இருக்கவேண்டும். உங்கள் மேல் 17-பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிலுவையில் இருப்பது அப்படி ஒரு காரணம். அப்பாவுக்கே ஒரு முறை அது நடந்தது. யாரோ செய்த கணக்குத் தவறுக்கு இவர் பெயரும் சேர்ந்து, பேனலில் விட்டுப்போனார். பிறகு குற்றச்சாட்டு கைவிடப்பட்டதும், ஜூனியர் பதவி உயர்வு பெற்ற தேதியிலிருந்து இவருக்கும் கொடுத்ததாகக் கணக்கு வைத்தார்கள். நோஷனல் ப்ரமோஷன். இழந்த இடம் காகிதத்தில் திரும்பக் கிடைத்தது.

"உங்க ஆபீஸ்ல லிஸ்ட் எங்க ஒட்டுவாங்க?" என்று கேட்டார்.

"லிஸ்டே கெடையாதுப்பா."

"அப்புறம் எத வச்சுடா சண்ட போடுவ?"

அந்தக் கேள்வியில் ஒரு சட்ட நுணுக்கமே இருக்கிறது. இந்திய நீதிமன்றங்கள் பல காலமாகச் சொல்லிவருவது இது: பதவி உயர்வு பெறுவது ஊழியரின் உரிமை அல்ல, அதற்குப் பரிசீலிக்கப்படுவதுதான் உரிமை. எப்படிப் பரிசீலிப்பது என்பதற்கும் இரண்டு வழிகள் உண்டு. கிராம வங்கி ஊழியர்கள் தொடர்பான ஒரு வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்தது. பணிமூப்பு முதலில், தகுதி அடுத்து என்று விதி இருந்தால், வேலைக்குத் தேவையான குறைந்தபட்சத் தகுதி இருக்கும் எல்லோரிலும் மூத்தவருக்கே இடம். இளையவர் இன்னும் திறமைசாலியாக இருந்தாலும் அவர் காத்திருக்கவேண்டும். தகுதி முதலில் என்று விதி இருந்தால், இருவரும் சமமாக நிற்கும்போது மட்டும்தான் பணிமூப்பைப் பார்ப்பார்கள். அப்பா முதல் விதியின் கீழ் முப்பது வருடம் வாழ்ந்தவர். நான் இரண்டாவதின் கீழ் வேலைக்குச் சேர்ந்து, கோபம் மட்டும் முதலாவதின்படி படுகிறேன்.

பணிமூப்பைக் கிண்டல் செய்வது எங்கள் துறையில் ஒரு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யாருக்குப் பிடித்தவர், யார் சொந்தக்காரர் என்று பார்க்கும் கையைக் கட்டிப்போட மனிதர்கள் கண்டுபிடித்த கயிறு அது. 1973 ஏப்ரலில் கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த மறுநாளே, ஷெலத், ஹெக்டே, குரோவர் என்ற மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதியாக அறிவித்தார்கள். அந்த மூவரும் தீர்ப்பில் அரசுக்குப் பிடிக்காத பக்கம் நின்றவர்கள். மூவரும் ராஜினாமா செய்தார்கள். அதற்கு முன்பும் ஒரு மூத்தவர் தாண்டப்பட்டிருக்கிறார்: 1964-ல் நீதிபதி இமாம். அவருக்கு உடல்நிலை சரியில்லை. அது இந்த அளவு புயலைக் கிளப்பவில்லை. இரண்டிலும் நடந்த செயல் ஒன்றுதான். ஜூனியர் மேலே போனார் என்பதில் மட்டும் அநியாயம் தெரியாது. எதற்காகப் போனார் என்பதில்தான் தெரியும்.

ஆகவே சனிக்கிழமை முழுக்க நான் பார்க்கவேண்டியிருந்தது அந்த 'எதற்காக'வை.

எங்கள் மாதிரி கம்பெனிகளில் இது நடக்கும் விதம் வெளியில் அதிகம் தெரியாது. மேனேஜர் உங்களைப் பற்றி இரண்டு மூன்று பக்கம் எழுதுகிறார். பிறகு பல டீம்களின் மேனேஜர்கள் ஒரே அறையில் உட்காருகிறார்கள். கேலிப்ரேஷன் என்று பெயர். இடங்கள் கொஞ்சம், பெயர்கள் அதிகம். ஒரு பெயருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அங்கே யாரும் எத்தனை வருடம் என்று கேட்பதில்லை. அடுத்த லெவல் வேலையை இவர் ஏற்கெனவே செய்கிறாரா, அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். உங்களைத் தெரியாத ஒருவர் ஐந்து நிமிடத்தில் நம்பும்படி இருப்பதுதான் அங்கே ஆதாரம். நடக்காமல் தடுத்த விபத்துக்கு அந்த அறையில் ஆதாரம் கிடையாது. இது அந்த முறையின் உண்மையான குறை.

என்னுடைய கேஸை அந்த அறையில் வைத்துப் பார்த்தேன். எங்களிடம் இரவில் ஓடும் ஒரு கணக்குச் சரிபார்ப்பு ஜாப் இருக்கிறது. சுமார் நாலு மணி நேரம் ஓடும். பாதியில் நின்றுபோனால் அப்படியே மறுபடி ஓட்டமுடியாது. ஏற்கெனவே பதிவான பரிவர்த்தனைகள் இரண்டாவது முறையும் பதிவாகிவிடும். மாதத்துக்கு ஒரு முறையாவது இரவு இரண்டு மணிக்கு போன் வரும். நான் எழுந்து, இரட்டைப் பதிவுகளைத் தேடி நீக்கி, மறுபடி ஓட்டிவிட்டு, விடிந்ததும் 'சரியாகிவிட்டது' என்று ஒரு வரி போடுவேன். கீழே பத்துப் பேர் கைகூப்பிய எமோஜி போடுவார்கள்.

அவர் சேர்ந்த ஐந்தாவது மாதம் ஆறு பக்கத்தில் ஒரு டிசைன் எழுதினார். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதன் விவரங்களிலிருந்தே ஒரு தனி அடையாள எண். அதே எண் மறுபடி வந்தால் டேட்டாபேஸ் ஏற்காது. அவ்வளவுதான். ஜாப் எங்கே நின்றாலும் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஓட்டலாம். எனக்குப் போன் வருவது நின்றது. அந்த டிசைனை ரிவ்யூ செய்து ஒப்புதல் கொடுத்தவன் நான். 'இதை முன்பே செய்திருக்கவேண்டும்' என்று என் கமெண்ட்டே அதில் இருக்கிறது.

முன்பே ஏன் செய்யவில்லை? நேரமில்லை என்று பல வருடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. இரவு இரண்டு மணிக்கு நான் இல்லாமல் ஆகாது என்பது எனக்குப் பிடித்திருந்தது என்பது மீதிப் பாதி. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால், அடிமையாகப் பிறந்து தத்துவ ஆசிரியரான எபிக்டெடஸ் இந்த விஷயத்தையே பேசியிருக்கிறார். விருந்தில் உனக்கு முன்னால் இன்னொருவனை உட்காரவைத்தார்களா என்று ஆரம்பிக்கிறார். லெட்டூஸ் கீரை ஒரு ஓபல் விலை. ஒருவன் காசைக் கொடுத்துக் கீரையை வாங்கிப் போகிறான். நீ கொடுக்கவில்லை, வாங்கவில்லை. அவனிடம் கீரை இருக்கிறது. உன்னிடம் உன் காசு இருக்கிறது. இதில் உனக்கு என்ன நஷ்டம் என்கிறார். அவர் மனதில் இருந்த விலை, பெரிய மனிதரின் வாசலில் போய் நின்று புகழ்வது.

அழகான வாதம். ஆனால் என் கணக்கு அதில் இடிக்கிறது. என் சக ஊழியர் யார் வாசலிலும் நிற்கவில்லை. அவர் கொடுத்த காசு நேர்மையானது. நானும் காசைப் பையில் வைத்திருக்கவில்லை. ஆறு வருட இரவுகளைக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடையில் அது செல்லாத காசு, அவ்வளவுதான். செல்லாது என்று தெரிந்தும் கடைக்காரர் வருடாவருடம் வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு 'எதிர்பார்ப்பை மிஞ்சினார்' என்று ரசீது கொடுத்துக்கொண்டிருந்தார். எபிக்டெடஸின் சந்தையில் விலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் புகார் எங்கே நிற்கிறது என்று இங்கேதான் பிடிபட்டது. அவருக்குக் கிடைத்ததில் எனக்குப் புகார் இல்லை. விலையை எனக்குச் சொல்லாததில் இருக்கிறது. முதலாவது புகாராக இருந்தால், ராஜினாமா மெயிலில் அவர் பெயரும் மறைமுகமாக வந்திருக்கும். இரண்டாவதற்குப் பதில் சொல்லவேண்டியவர் மேனேஜர் மட்டுமே.

ஞாயிறு சாயங்காலம் அப்பாவிடம் இதைச் சொன்னேன். பாதிதான் ஒத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு நல்லா வேல செய்யுதுன்னா சரி. ஆனா வாய்ல சொல்றத நம்பாத. எழுதி வாங்கு" என்றார். முப்பது வருட அரசு வேலையின் சாரம் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். கேலிப்ரேஷன் அறைக்கு என் பெயர் போனதா, அல்லது அதற்கு முன்பே நின்றதா? போயிருந்தால், என்ன இல்லை என்று சொன்னார்கள்? அது என்னிடம் இருக்கிறது என்று காட்ட, அடுத்த சுற்றுக்குள் எந்த வேலை எனக்குக் கிடைக்கும்? முதல் கேள்விக்குக் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, போகவில்லை என்றார். டீமிலிருந்து ஒரு பெயர்தான் அனுப்ப முடிந்ததாம்.

அதாவது நான் தோற்கவில்லை, பரிசீலிக்கப்படவே இல்லை. அப்பாவின் உலகத்தில் இதற்கு ஒரு மேல்முறையீடு உண்டு. என் உலகத்தில் ஒரு மெயில் உண்டு. பேசியதை எல்லாம் எழுதி, 'நான் புரிந்துகொண்டது சரியா?' என்று அன்றே அனுப்பினேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. மூன்றாவது கேள்விக்கு ஒரு வேலையின் பெயர் இருந்தது: பில்லிங் பகுதியைப் பழைய டேட்டாபேஸிலிருந்து மாற்றுவது. அதற்கு டிசைன் எழுதும் பொறுப்பு என்னுடையது. அடுத்த சுற்றில் என் பெயர் போகும் என்பதற்கு 'முயற்சி செய்கிறேன்' என்று மட்டும் இருந்தது.

அந்த ஒரு சொல்லுக்காக மார்ச் கடைசி வரை தேதி வைத்திருக்கிறேன். எங்கள் நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம். வெளியே நேர்காணலுக்குத் தயாராகவும் அதே காலம் வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்தே தொடங்கிவிட்டேன். வேறு ஆஃபர் லெட்டரைக் காட்டி இங்கே பேரம் பேசுவதில்லை என்று மட்டும் முடிவு செய்தேன். அப்படி வாங்கும் லெவலுக்கு நான் கொடுத்த விலை பயமுறுத்தல் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரவு போன் எடுக்கும் பொறுப்பைச் சுழற்சிக்கு மாற்றச் சொன்னேன். ஆறு வருடத்தில் முதல் முறை. புது டெக் லீட் உடனே சரி என்றார். முதல் வாரம் தன் பெயரையே போட்டுக்கொண்டார். இப்போது பில்லிங் டிசைனின் நாலாவது பக்கத்தில் இருக்கிறேன். ரிவ்யூ செய்யப்போகிறவர் அவர்தான்.