பெருக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று எந்தத் தீவிலிருந்தும் நிலையான வைப்புப் போட வங்கிக்குப் புறப்படுகிறவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். முதிர்வு நாளில் உங்கள் கைக்கு வரவேண்டிய தொகையை நீங்களே கணக்குப் பார்த்து, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மடித்துக்கொண்டு போங்கள். கவுண்டரில் இருக்கிற பிள்ளை சொல்லும் தொகையும் உங்கள் கடதாசியில் உள்ள தொகையும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் ஏன் என்று கேளுங்கள், விளங்கும்வரை கேளுங்கள். "எங்களுக்கு எங்க தம்பி உதெல்லாம் விளங்கப்போகுது" என்று சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் பேனையை வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். கரைக்கு வந்த மீனை நிறுக்கும்போது கிலோவுக்குப் பத்து ரூபா குறைந்தாலும் விட்டுக்கொடுக்காத அதே ஆட்கள்தானே நாம்? சுவிசிலும் கனடாவிலும் இரவு வேலை செய்து மகன் அனுப்பிய காசுக்கு அந்தக் கறார் வேண்டாமா?

கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு. 10 இலட்சம் ரூபாவை எடுத்துக்கொள்வோம், வட்டி வருடத்துக்கு 8 வீதம். முதிர்வில் மட்டும் வட்டி தருகிற ஒரு வருட வைப்பு என்றால், 10 இலட்சத்தை 8ஆல் பெருக்கி 100ஆல் பிரியுங்கள். 80,000 ரூபா. வருடம் முடியும் நாளில் 1,080,000 ரூபா வரும், இடையில் ஒரு சதமும் வராது.

இப்போது அதே 8 வீதத்தைக் காலாண்டுக் கூட்டுவட்டியாகப் போடுங்கள். வருடத்துக்கு 8 என்றால் மூன்று மாதத்துக்கு 2 வீதம். முதல் மூன்று மாதத்தில் 20,000 ரூபா சேர்ந்து முதல் 1,020,000 ஆகிறது. அடுத்த மூன்று மாதத்துக்கு வட்டி இந்தப் புது முதலுக்குக் கணக்காகும், ஆகவே 20,400 ரூபா. மூன்றாம் காலாண்டில் 20,808. நான்காவதில் 21,224. வருட முடிவில் 1,082,432 ரூபா. கைத்தொலைபேசியில் 1.02ஐ நான்கு தடவை பெருக்கினால் 1.0824 என்று வரும், அதைப் பத்து இலட்சத்தால் பெருக்கினாலும் இதே விடைதான். வங்கி நாட்களை எண்ணி 365ஆல் பிரித்துக் கணக்குப் பார்ப்பது வழக்கம் என்பதால், 92 நாள் வருகிற காலாண்டில் 20,164 ரூபாவும் 90 நாள் வருகிற காலாண்டில் 19,726 ரூபாவும் வரலாம். அந்தச் சிறு வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம்.

ஒரு வருடத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 2,432 ரூபா. இவ்வளவுதானா என்று எழும்பிவிடாதீர்கள். ஐந்து வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள்.

ஐந்து வருட வைப்பு, 8 வீதம், வட்டி முழுவதும் முதிர்வில் என்றால், வருடத்துக்கு 80,000 வீதம் ஐந்து வருடத்துக்கு 400,000 ரூபா. மொத்தம் 14 இலட்சம். இதே காசு காலாண்டுக்கு ஒரு தடவை கூட்டுவட்டியில் வளர்ந்திருந்தால், 1.02ஐ இருபது தடவை பெருக்கிப் பாருங்கள், 1,485,947 ரூபா. ஏறக்குறைய 86,000 ரூபா வித்தியாசம்! இது எங்கே போனது? ஐந்தாம் வருடம் தொடங்கும் நாளை மட்டும் எண்ணிப் பாருங்கள். அன்றைக்கு உங்களுக்குச் சேர்ந்துவிட்ட வட்டி 320,000 ரூபா வங்கியின் கையில் இருக்கிறது. அது உங்கள் காசு. அந்த 320,000 ரூபாவுக்கு அந்த வருடம் முழுவதும் ஒரு சதம் வட்டியும் இல்லை. நான்காம் வருடத்தில் 240,000 ரூபா அப்படிச் சும்மா கிடந்தது, மூன்றாம் வருடத்தில் 160,000. உங்கள் காசு உழைக்காமல் கிடந்த காலத்தின் விலைதான் அந்த 86,000.

இதில் வங்கி எதையும் ஒளிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வட்டிவீதப் பலகையிலும் வங்கியின் இணையப் பக்கத்திலும் ஒவ்வொரு வீதத்துக்கும் பக்கத்தில் AER என்று இன்னொரு நிரல் இருக்கும். வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு வளர்கிறது என்று சொல்லும் வீதம் அது. மேலே பார்த்த ஐந்து வருட வைப்புக்கு முதல் நிரலில் 8 என்றிருந்தாலும் அந்த நிரலில் 6.96 என்றுதான் இருக்கும். ஏனென்றால் வருடாவருடம் 6.96 வீதம் கூட்டுவட்டியில் வளர்ந்தால்தான் 10 இலட்சம் ஐந்து வருடத்தில் 14 இலட்சமாகும். காலாண்டுக் கூட்டுவட்டியில் அதே 8 வீதத்துக்கு அந்த நிரலில் 8.24 என்று இருக்கும். ஆகவே பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பக்கத்து நிரலில் விரலை வைத்துக் கேளுங்கள். "பிள்ளை, உந்த ஏ.ஈ.ஆர். எவ்வளவு?" என்று நெடுந்தீவு அம்மா ஒருவர் கேட்டால் எதிரில் இருக்கிறவர் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். யூடியூபில் தமிழ்நாட்டு ஆட்கள் வைப்புக் கணக்குச் சொல்லித்தரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நம் வங்கியும் அப்படித்தான் தரும் என்று பலர் நம்புகிறார்கள். இந்திய வங்கிகளில் வட்டியை எடுக்காமல் விடும் வைப்புக்குக் காலாண்டுக்கொரு முறை கூட்டுவட்டி போடுவதே வழக்கம். நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு தெரிவுதான் முன்னே வைக்கப்படும். மாதாமாதம் வட்டி எடுப்பது ஒன்று, முதிர்வில் எடுப்பது மற்றது. முதிர்வு வட்டி தனிவட்டி. காலாண்டுக் கூட்டுவட்டி வேண்டுமென்றால் அதை நீங்களே உண்டாக்க வேண்டும். வழி எளிது. மூன்று மாத வைப்பாகப் போட்டு, முதிரும்போதெல்லாம் முதலும் வட்டியும் சேர்ந்து தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று எழுதிக்கொடுப்பது.

தவறு நடப்பதும் அந்த எழுத்தில்தான். படிவத்தில் முதிர்வு அறிவுறுத்தல் என்றொரு பகுதி இருக்கும். முதலையும் வட்டியையும் சேர்த்துப் புதுப்பிப்பது ஒரு கட்டம், முதலை மட்டும் புதுப்பித்து வட்டியைச் சேமிப்புக் கணக்கில் போடுவது இன்னொரு கட்டம். இரண்டாவதில் அடையாளம் விழுந்துவிட்டால் கூட்டுவட்டி செத்துப்போகிறது. 20,000 ரூபா மூன்று மாதத்துக்கொரு தடவை சேமிப்புக் கணக்கில் போய்ச் சொற்ப வட்டியில் கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதும். புதுப்பித்தபின் வரும் அறிவித்தலையோ புதுச் சான்றிதழையோ எடுத்து முதல் தொகையைப் பாருங்கள். 1,020,000ஐ ஒட்டி இருந்தால் உங்கள் காசு வளர்கிறது. மறுபடியும் 1,000,000 என்றே இருந்தால் அன்றைக்கே போய் மாற்றச் சொல்லுங்கள்.

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இருப்பவர்களுக்கு இது இருமடங்கு முக்கியம். குறிகட்டுவானுக்குப் படகெடுத்து, அங்கிருந்து பஸ் பிடித்து, மூன்று மாதத்துக்கொரு தடவை வங்கிக்கு வருவது நடக்கிற காரியமா? கார்த்திகை மார்கழியில் கடல் கொந்தளித்துப் படகு நிற்கிற கிழமையில் வைப்பு முதிர்ந்தால் என்ன செய்வீர்கள்? எழுத்தில் அறிவுறுத்தல் இருந்தால் நீங்கள் வரத் தேவையில்லை. இல்லாவிட்டால், சில இடங்களில் முதிர்ந்த காசு அடுத்த படகு வரும்வரை வைப்பு வட்டியில்லாமலே கிடந்துவிடும். இந்த ஒரு வரியை எழுதிக்கொடுக்காமல் நாற்காலியை விட்டு எழும்பாதீர்கள்.

இவ்வளவும் வாசித்துவிட்டு மூன்று மாதப் புதுப்பிப்புத்தான் எப்போதும் வெல்லும் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். இதுவரை இரண்டுக்கும் ஒரே 8 வீதம் என்று வைத்துக் கணக்குப் பார்த்தோம். வட்டிவீதப் பலகையில் மூன்று மாதத்துக்கு ஒரு வீதமும் ஒரு வருடத்துக்கு இன்னொரு வீதமும் இருக்கும், அநேகமாக மூன்று மாதத்துக்குக் குறைவாக இருக்கும். மூன்று மாதத்துக்கு 7.5 வீதம் தருகிறார்கள் என்று வையுங்கள். நான்கு தடவை புதுப்பித்தாலும் வருட வட்டி 77,136 ரூபாதான். முதிர்வு வட்டியாகிய 80,000 வென்றுவிடுகிறது. எல்லைக்கோடு 7.77. மூன்று மாத வீதம் அதற்கு மேலிருந்தால் கூட்டுவட்டி நல்லது, கீழிருந்தால் ஒரு வருட முதிர்வு வைப்பு நல்லது. ஐந்து வருட வைப்புக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. காலாண்டுக் கணக்குக்கு ஓடாமல், ஒரு வருட வைப்பை வட்டியும் முதலுமாக ஐந்து தடவை 8 வீதத்தில் புதுப்பித்தாலே 1,469,328 ரூபா ஆகிவிடும். காலாண்டு அதற்கு மேல் தருவது வெறும் 16,619 ரூபா. ஆகவே என் தீர்ப்பு இது: வட்டி முதலோடு சேர்வதுதான் பெரிய காரியம், எத்தனை மாதத்துக்கொரு தடவை சேர்கிறது என்பது சின்னக் காரியம்.

வீதம் ஓரிடத்தில் நிற்காது என்பதை நாமே பார்த்தவர்கள். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 வீதப்புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருடத்தின் பிற்பகுதியில் ஒரு வருட வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலும் கொடுத்தார்கள். 2023 ஜூனில் மத்திய வங்கி குறைக்கத் தொடங்கியது, வைப்பு வீதங்களும் இறங்கின. உச்சத்தில் ஒரு வருடத்துக்குக் கட்டிவைத்தவருக்கு அந்த வீதம் முதிர்வுவரை நின்றது. மூன்று மாதமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தவருக்கு, அந்தந்த நாளின் குறைந்த வீதமே கிடைத்தது. வீதம் ஏறும் காலத்தில் இதுவே தலைகீழாகும். பலகையில் வீதம் மேலே போகிறதா, கீழே வருகிறதா என்று இரண்டு மூன்று மாதம் பார்த்து எழுதிவையுங்கள். எவ்வளவு காலத்துக்குக் கட்டுவது என்று தீர்மானிக்க அந்தக் குறிப்பு உதவும்.

அவசரத்துக்கு வைப்பை உடைக்க நேர்ந்தால் கணக்கு இன்னொரு விதமாகும். ஒரு வருட வைப்பைப் பத்தாம் மாதத்தில் உடைத்தால், சொன்ன 8 வீதம் போய், குறைந்த வீதத்தில் முழுக்காலத்துக்கும் வட்டி திருத்தப்படும். மூன்று மாதப் புதுப்பிப்பில், முடிந்துபோன காலாண்டுகளின் வட்டி ஏற்கெனவே முதலாகிவிட்டது. ஓடுகிற காலாண்டின் வட்டிதான் அடிபடும். அதனால் 10 இலட்சத்தையும் ஒரே சான்றிதழில் போடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுத் திருத்தத்துக்கும் தேவைப்படக்கூடிய தொகையைத் தனிச் சான்றிதழாக மூன்று மாதத்தில் போட்டு, மிச்சத்தை ஒரு வருடத்துக்குக் கட்டுங்கள்.

வரியையும் உங்கள் கடதாசியில் எழுதுங்கள். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதத்தை வங்கியே பிடித்துக்கொள்கிறது. முதிர்வு வைப்பில் 80,000 வந்தால் 72,000தான் கைக்கு. காலாண்டு வைப்பில் ஒவ்வொரு தடவையும் வரி போன பிறகே மிச்சம் முதலோடு சேரும், அதாவது 2 வீதம் அல்ல, 1.8 வீதம் வளரும். வருட முடிவில் 73,967 ரூபா. ஆனால் வருடத்துக்கு 18 இலட்சத்துக்கு மேல் வருமானம் இல்லாதவர்கள் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் இந்த 10 வீதம் பிடிக்கப்படாது. மகன் அனுப்பிய காசை வைத்துக்கொண்டு தனியே இருக்கும் நயினாதீவு அம்மாவுக்கு இது 8,000 ரூபாக் காரியம். படிவத்தைத் தானாக நீட்டுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம், கேட்டு வாங்குங்கள். இரண்டு வங்கியில் வைப்பிருந்தால் இரண்டிலும் கொடுங்கள். வங்கி பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக முத்திரை குத்திய பிரதி ஒன்றை வாங்கி வைப்புச் சான்றிதழோடு வைத்துக்கொள்ளுங்கள்.