‘பார்க்கலாம்’

சீட்டு எடுக்கும் மச்சான் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். மனம் வேண்டாம் என்கிறது. வாய் ‘பார்க்கலாம்’ என்கிறது. அந்த நொடியில் படபடப்பு அடங்கிவிடும். அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் அதையே சொல்லப் பழக்குகிறது. பிறகு பத்து நாள், போன் அடித்தாலே வயிற்றில் புளி கரைக்கும்.

“யாருக்கும் ஜாமீன் போடுறதில்லை மச்சான், தப்பா நினைக்காதீங்க.” இவ்வளவு போதும். காரணம் அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் மாற்றுவழி இருக்கும். பொய்க் காரணமென்றால் அதை வேறு நினைவில் வைத்துக் காக்க வேண்டும்.

சொன்னபின் கொஞ்ச நேரம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உடனே போன் போட்டு மாற்றிச் சொல்லத் தோன்றும். போடாமல் இருந்தால் அதுவாகவே தணியும். மச்சான் இரண்டு வாரம் முகம் கொடுக்காமல் இருக்கலாம். தீபாவளிக்கு வந்துவிடுவார்.