எந்த ராத்திரி, எந்தத் தேதி

காட்டுப்பள்ளிப் பக்கம் இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிற ஆலைகளில் ஷிப்ட் மாற்றிக்கொள்வது தினசரி நடப்பு. துறைமுகம், அனல்மின் நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று எதுவும் பண்டிகைக்கு நிற்காது. யாரோ ஒருவர் உள்ளே இருந்தாக வேண்டும். ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கும் எனக்கு, மாற்றுக்குச் சம்மதிக்காதவர்களால் வந்த தொல்லை குறைவு. இரண்டு பேரும் மனசாரச் சம்மதித்து, இரண்டு பேரும் வேறு வேறு நாளை நினைத்துக்கொண்டதால் வந்த சண்டைதான் அதிகம்.

முக்கியமான காரணம் நைட் ஷிப்ட். இரவு 10 மணிக்கு ஏறி மறுநாள் காலை 6 மணிக்கு இறங்குகிறோம். ஒரே ஷிப்ட் இரண்டு தேதியில் கிடக்கிறது. “25ஆம் தேதி நைட்டைப் பாத்துக்குங்க” என்று ஒருவர் கேட்கிறார். அவர் மனசில் இருப்பது 25 விடிகிற ராத்திரி. சம்மதித்தவரோ 25 இரவு பத்து மணிக்கு வந்தால் போதும் என்று வீட்டில் படுத்துவிடுகிறார். 24 இரவு பத்தரைக்கு, முந்தைய ஷிப்ட்காரர் ஹேண்ட் ஓவர் கொடுக்க ஆளில்லாமல் நிற்கிறார். கம்பெனி பஸ் அதற்குள் கேட்டைத் தாண்டிப் போயிருக்கும். அதனால் நைட்டைப் பற்றிப் பேசும்போது ஏறும் நாளும் மணியும், இறங்கும் நாளும் மணியும், இரண்டின் கிழமையும் சொல்ல வேண்டும். கிழமை சொன்னால் தேதியில் வந்த பிசகு அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, பதில் உதவி எப்போது என்பது. இதைத்தான் எல்லாரும் வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். “நீங்க கிறிஸ்துமஸுக்கு நில்லுங்க, பொங்கலுக்கு நான் நிக்கிறேன்.” கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! சொல்பவருக்கும் கள்ளமில்லை. ஆனால் ரோஸ்டர் அதற்கு இடம் கொடுக்குமா என்று யாரும் பார்ப்பதில்லை.

2025 டிசம்பரை வைத்துப் பார்க்கலாம். எங்கள் வழக்கப்படி இரண்டு நாள் காலை, இரண்டு நாள் மதியம், இரண்டு நாள் நைட், இரண்டு நாள் ஆஃப். நாலு குழு, எட்டு நாள் சுற்று. ராயபுரத்துத் தம்பி ஒருவருக்கு டிசம்பர் 24 புதன்கிழமை முதல் நைட். அன்று நள்ளிரவுப் பூசைக்குக் குடும்பத்தோடு கோயிலில் இருக்க வேண்டும் அவருக்கு. மீஞ்சூர் அண்ணன் வேறு குழு. 24 காலை 6 மணிக்கு நைட் முடித்து இறங்குகிறார், அன்று அவருக்கு முதல் ஆஃப். அன்றிரவே திரும்ப வந்து தம்பியின் நைட்டைப் பார்த்தால் அவருக்கு அது தொடர்ச்சியாக மூன்றாவது இரவு. 25 காலை 6-க்கு இறங்கினால், 26 காலை 6-க்குச் சொந்த ஷிப்ட். நடுவில் சரியாக 24 மணி நேரம் இருக்கிறது.

அந்த 24 மணி நேரம் முக்கியம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 57ஆவது பிரிவில், நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் வேலை செய்தவருக்கு ஒரு முழுநாள் விடுமுறை என்பது ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் என்று கணக்குச் சொன்னது. 2025 நவம்பரில் புதிய தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. ஆனாலும் உடம்புக்கு அந்தப் பழைய கணக்கு நல்ல அளவுகோல். இதே அண்ணனுக்கு 24 இரண்டாவது ஆஃபாக இருந்திருந்தால், நைட் முடிந்த கையோடு காலை 6 மணி ஷிப்டில் ஏற வேண்டியிருக்கும். “ஆஃப்லதானே இருக்கீங்க” என்று கேட்பவர்கள் மறுநாள் காலையைப் பார்ப்பதே இல்லை.

சரி, பொங்கல்? 2026 ஜனவரி 15 அன்று அண்ணனுக்கு நைட். தம்பிக்கு அதே நாள் மதியம் 2 முதல் 10 வரை. வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் தம்பி மதியம் ஏறி விடியும்வரை 16 மணி நேரம் நிற்க வேண்டும். எந்த இன்சார்ஜும் கையெழுத்துப் போடக்கூடாத மாற்று அது. நல்ல மனசோடு சொன்ன வாக்கு, சொன்ன அன்றே செத்துவிட்டது. இருவருக்கும் அது ஜனவரி 14 அன்றுதான் தெரியவரும்.

இந்த இரண்டு குழுக்களுக்கிடையில் திருப்பித் தரக்கூடிய நாள் ஒன்றுதான்: தம்பியின் இரண்டாவது ஆஃப், அது அண்ணனுக்கு இரண்டாவது காலை ஷிப்ட். எட்டு நாளுக்கொருமுறை வரும். ஜனவரி 4, 12, 20, 28. அண்ணனின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம் 28 புதன்கிழமை. அதைப் பிடித்துக்கொண்டார் தம்பி. அவர் அனுப்பிய செய்தியை எனக்கும் காட்டினார்:

“அண்ணா, டிசம்பர் 24 புதன் ராத்திரி 10 மணிக்கு ஏறி 25 வியாழன் காலைல 6 மணிக்கு இறங்குற என் நைட்டை நீங்க பாக்க முடியுமா? அதுக்கு ஜனவரி 28 புதன் காலைல 6-லேருந்து 2 வரைக்கும் உங்க ஷிப்டை நான் பாக்கறேன். அன்னிக்கு எனக்கு ரெண்டாவது ஆஃப். விசேஷ தேதி மாறினா பிப்ரவரி 5 காலைல. உங்களுக்கு மூணாவது நைட்டா ஆகுதுன்னு தெரியும்ணா, கஷ்டமா இருந்தா திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, வேற ஆளைக் கேட்டுக்கறேன்.”

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வரி. நைட்டுக்குக் காலை ஷிப்ட் ஈடாகாது என்பதை மூடி மறைக்காமல் அவரே சொல்லிவிட்டார். மறுக்கவும் ஒரு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். நாள் குறிக்காமல் கேட்டால் மூத்தவர்கள் வாயால் முடியாது என்று சொல்லமாட்டார்கள். ‘பாக்கலாம்பா’ என்று இழுப்பார்கள். கேட்டவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்.

அண்ணன் ஒப்புக்கொண்டார். தம்பிக்கு 23 இரவு 10-லிருந்து 25 இரவு 10 வரை முழுசாக 48 மணி நேரம் கிடைத்தது. அண்ணனுக்கும் ஜனவரி 27 மதியம் 2-லிருந்து 29 மதியம் 2 வரை அதே 48.

பேசியது போதாது, பதிவேட்டில் ஏற வேண்டும். இரண்டு பேரும் ஒரே தாளில், இரண்டு தேதியும் எழுதி, கையெழுத்துப் போட்டு டைம் ஆபீஸுக்குக் கொடுத்தார்கள். போகும் தேதியை மட்டும் எழுதித் திரும்பும் தேதியை விட்டுவிட்டால், நடுவில் ரோஸ்டர் போடுபவர் மாறியதும் அந்தக் கடன் காற்றில் போய்விடும். நைட் அலவன்ஸ் நின்றவருக்குத்தான் சேர வேண்டும், அதற்கும் பதிவு வேண்டும். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அப்படியொரு ராத்திரியில் சைரன் அடித்தால், அசெம்ப்ளி பாயிண்டில் தலை எண்ணுவது பட்டியலைப் பார்த்துத்தான். பட்டியலில் இருப்பவர் ராயபுரத்தில் பூசையில் இருப்பார். பட்டியலில் இல்லாதவர் உள்ளே இருப்பார். அவரைத் தேட வேண்டும் என்றே யாருக்கும் தெரியாது.

இன்சார்ஜாக இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. நாலு குழுவின் ரோஸ்டரையும் ஒரு மாதத்துக்கு மட்டும் ஒட்டாமல் மூன்று மாதத்துக்குச் சேர்த்து, டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள். கேட்கப் போகிறவர் தன் தேதியோடு திருப்பித் தரும் தேதியையும் அங்கேயே பார்த்துவிட்டுப் போய்க் கேட்கட்டும்.