எந்த முதியோரை மதிப்பது?

ஒக்டோபர் முதலாம் நாளைச் சர்வதேச முதியோர் தினமாகக் கொள்வதென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1990இல் தீர்மானித்தது. அன்று முதல் ஆண்டுதோறும் அந்நாளில், வன்னிப் பெருநிலப்பரப்பின் பாடசாலைகளிலும் காலைக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் எழுந்து, “உங்கள் ஒழுங்கையிலுள்ள முதியோரை மதியுங்கள், அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள்” என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. நாமும் அவ்வாறு பேசியவர்களே. மாணவர் அமைதியாகக் கேட்பர். மணி அடித்ததும் வகுப்புக்குச் செல்வர். எந்த முதியோரை, எதன்பொருட்டு மதிப்பது என்பதை நாம் சொல்வதில்லை. சொல்லப் புகுந்தால் பேச்சு அவ்வளவு இலகுவாக முடியாது என்பதும் நாம் அறிந்ததே.

குளத்தின் கீழ் வயல்கள் விரிந்து கிடக்கும் கிளிநொச்சிக் கிராமத்து ஒழுங்கை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதன் தலைப்பில், நான்கு ஏக்கர் வயற்காணி உடைய எண்பது வயதுக் கமக்காரர் ஒருவர் இருக்கிறார். மாணவன் அவரிடம் சென்று, “அப்பு, சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் காணாவிட்டால் என்ன செய்தீர்கள்?” என்று கேட்கிறான் என வைத்துக்கொள்வோம். அவர் சொல்லப்போவது எந்தப் பாடநூலிலும் அவன் விரிவாகக் காணாத ஒன்று.

குளத்தின் கீழ் 200 ஏக்கர் வயல் உண்டு. மாரி மழை பொய்த்ததால் 50 ஏக்கருக்கே தண்ணீர் இருக்கிறது. எல்லோரும் தத்தம் வயலில் விதைத்தால், நெடிய வாய்க்கால்களிலேயே நீரின் பெரும்பகுதி ஊறிப்போகும். கடைசி வயல்களில் கதிர் வரும் பருவத்தில் நிலம் வெடித்துப் பயிர் கருகும். தலைவாய்க்காலில் காணி உடையவர் மட்டும் விதைத்தால், மற்றவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே கமக்காரர் கூடி, துருசுக்கு அண்மையிலுள்ள 50 ஏக்கரை மட்டும் விதைப்பதென முடிவு செய்வர். அந்த 50 ஏக்கரும் காணிக்காரர் அனைவருக்கும் அவரவர் உடைமைக்கு ஏற்பப் பங்கிடப்படும். நான்கு ஏக்கர் உடையவர்க்கு ஓர் ஏக்கர் கிடைக்கும். துருசின் அருகே நான்கு ஏக்கர் உடையவரும் தம் நிலத்தில் ஓர் ஏக்கரையே விதைப்பார். எஞ்சிய மூன்று ஏக்கரையும் அந்தப் போகத்துக்குப் பிறர் உழுவர். அறுவடை முடிந்ததும் நிலம் உரியவரிடமே மீளும். சிங்கள விவசாயிகள் ‘பெத்ம’ என்று வழங்குவதும் இத்தகைய முறையே.

இம்முறை எங்கே பிசகும் என்பதையும் அம்முதியவர் அறிவார். விதைப்பதாக ஒப்புக்கொண்ட 50 ஏக்கருக்கு அப்பால் சிலர் களவாக விதைப்பர். இரவில் யாரோ வாய்க்காலைத் திருப்புவர். கடைசி வயலில் நீர் வரும் முறைநாள் தப்பத் தொடங்குவதே இதன் முதல் அடையாளம். குளத்து மட்டத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் கடைவயலைத்தான் போய்ப் பார்ப்பார். அவரது சிறுபராயத்தில் இவற்றையெல்லாம் விசாரித்தவர் வட்டவிதானையார். பிலிப் குணவர்தனா கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை ஒழித்து, பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. அதிகாரம் ஒருவர் கையிலிருந்து குழுவின் கைக்கு மாறியபோது வாய்க்கால் ஓரத்தில் உண்மையில் என்ன மாறிற்று, என்ன மாறவில்லை என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது, அவர் சொல்லக்கூடும்.

இத்துடன் பேச்சை முடித்துக்கொண்டால் மாணவர் மகிழ்வர், ஊரார் மெச்சுவர். ஆனால் ஒழுங்கை அங்கே முடிந்துவிடவில்லை.

அதன் கடைக்கோடியில், தகரக் கொட்டில் ஒன்றில் ஒரு மூதாட்டி இருக்கிறார். மலையகத் தோட்டத்தில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்களின் மகள். 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் வன்னிக்கு வந்த பல்லாயிரவருள் ஒருவர். அவருக்கு வயற்காணி இல்லை. பிறர் வயலில் களை பிடுங்கியும் அரிவு வெட்டியும் பிழைத்தவர். அதே கேள்வியை அவரிடம் கேட்டால் வேறொரு விடை வரும். காணிக்காரர் தண்ணீரைப் பங்கிட்ட ஆண்டில் 150 ஏக்கர் தரிசாகக் கிடந்தது; அந்த 150 ஏக்கரின் கூலியும் இல்லாமற் போயிற்று. பங்கு உடைமையின் அளவில் கணக்கிடப்பட்டது. உடைமை இல்லாதவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

அவ்விருவருள் எவர் சொல்வது உண்மை? இருவர் சொல்வதும் உண்மையே. முதலாமவரிடம் மட்டும் கேட்ட மாணவன், நம் முன்னோர் ஒப்பற்ற சமத்துவத்தில் வாழ்ந்தனர் என்று கட்டுரை எழுதிப் பரிசு பெறுவான். இரண்டாமவரையும் கேட்டவனுக்கே, காணிக்காரரிடையே நிலவிய நீதியும் அந்நீதியின் எல்லையும் ஒருங்கே புலப்படும். முதியோரிடம் கற்றல் என்று நாம் கருதுவது இதனையே.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 60 வயதைக் கடந்தவரை முதியவர் என்கிறது. சட்டம் வயதை மட்டுமே எண்ணுகிறது. ஒழுங்கையோ காணியையும் சாதியையும் பிறந்த இடத்தையும் சேர்த்து எண்ணுகிறது. நம் மாணவன் ஒருவரை ‘அப்பு’ என்கிறான். மற்றவரைப் பெயர் சொல்லி ‘நீ’ என்கிறான். அவனுக்கு இதனைக் கற்பித்தவர்கள் மூத்தோராகிய நாமே. “முதியோரை மதியுங்கள்” என்று மேடையில் பேசும் ஆசிரியர், தம் வீட்டு வேலிக்குக் கதிகால் நாட்ட வந்த கிழவரை எவ்வாறு விளித்தார் என்பதை மாணவர் கவனித்தே இருப்பர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். முதியவர் சொல்வதனைத்தையும் ஏற்பதா? அதே கமக்காரர், “அந்த வீட்டில் தண்ணீர் குடியாதே” என்று மாணவனிடம் சொல்லக்கூடும். மதிப்பு வேறு, கீழ்ப்படிதல் வேறு. நீரைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்ட மாணவன், அந்த வீட்டுக்குச் சென்று, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மூதாட்டி சொல்வதையும் எழுதிக்கொள்ள வேண்டும். கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதுவதும், எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டித் திருத்திக்கொள்வதும் அவர்களை மதிப்பதேயாகும். ஒருவரின் சொல்லைச் சோதித்துப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகாது; பொருட்படுத்தாமல் தலையாட்டுவதே அவமதிப்பு.

ஒன்றை மட்டும் மாணவர் தாமாகக் கேட்கலாகாது. 2009இல் பிள்ளைகளை இழந்தோரும், இன்னும் தேடிக்கொண்டிருப்போரும் இம்முதியோருள் உளர். அதனை அவர்களாகச் சொன்னால், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருக்க வேண்டும். அங்கே மாணவனுக்குக் குறிப்பேடு தேவையில்லை.

பல இடப்பெயர்வுகளில் காணி அனுமதிப்பத்திரங்களும் குளத்துக் கணக்குகளும் தொலைந்துபோன மண் இது. எந்த வரம்பு எங்கே இருந்தது, எந்தக் கடைவயல் முதலிற் காய்ந்தது, யாருக்குப் பங்கு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பவை இன்று சில மனிதரின் நினைவில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. எனவே அடுத்த காலைக் கூட்டத்தில் நாம் மாணவரிடம் ஒன்றே சொல்வோம்: உங்கள் ஒழுங்கையில் இதுவரை நீங்கள் மரியாதையாக விளிக்காத முதியவர் யார்? இன்று பின்னேரம் முதலில் அவரிடமே செல்லுங்கள்.