தேதியைத் தள்ளிக் கேட்கும்போது

பசறைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர், பதுளையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டாரில் வேலை உறுதியாகி, மார்ச் 1இல் சேர்வதாக ஒப்புக்கொண்டுவிட்டார். இங்கே ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். பெப்ரவரி 15இல் கடிதம் கொடுத்தால் மார்ச் நடுவில்தான் விடுபட முடியும். இந்தத் தாமதத்துக்கு முடிவு தெரியும். எனவே, "மார்ச் 20இல் சேர அனுமதி தாருங்கள்" என்று ஒரே தேதியைக் கேட்கலாம்.

விசாத் தாமதம் அப்படியல்ல. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றால் கடவுச்சீட்டே தாமதமாகும். விசா வந்தாலும், புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். இங்கே ஊகத் தேதி சொன்னால் மறுபடியும் தள்ளிக் கேட்க நேரும்; இரண்டாவது முறை கேட்கும்போது நம்பிக்கை குறையும். "விசா கிடைத்த நாளிலிருந்து இத்தனை வாரத்தில் சேருவேன்" என்று, முன்னறிவித்தல் காலத்தையும் கணக்கில் சேர்த்து எழுதி, விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும், கையிலுள்ள பற்றுச்சீட்டின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். விசாவுக்கு விண்ணப்பிப்பது வேலை தரும் நிறுவனமே என்றால், நிலவரத்தை அவர்களிடமே கேளுங்கள்.

தாமதம் தெரிந்த அன்றே எழுதுங்கள். தொலைபேசியில் "சரி" என்றாலும் புதிய தேதியை மின்னஞ்சலில் உறுதிசெய்யச் சொல்லுங்கள். விசா கைக்கு வருமுன், இப்போது இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.