பார்க்காததை எழுதலாமா?

வண்டலூரில் தொடங்கும் வெளிவட்டச் சாலை மீஞ்சூரில் வந்து முடிகிறது. காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். அப்படிச் சைக்கிளில் போன ஒன்பதாம் வகுப்பு மாணவன் மீது லாரி மோதியது. அவனை ஸ்டான்லி மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் காலை பெற்றோருக்கு அனுப்ப அலுவலகத்தில் ஓர் அறிக்கை எழுதி, "கொஞ்சம் பார்த்துக் குடுங்க டீச்சர்" என்று என்னிடம் தந்தார்கள்.

"பள்ளி நேரம் முடிந்த பின், வளாகத்துக்கு வெளியே, மாணவர் ஒருவர் கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தபோது கோர விபத்தில் சிக்கினார்" என்று அது தொடங்கியது. பிள்ளையைப் பற்றிய பேச்சு வருவதற்குள்ளேயே பள்ளி இரண்டு முறை தன்னைக் காத்துக்கொண்டுவிட்டது. நேரத்தையும் இடத்தையும் உள்ளபடி சொன்னாலே போதும், மற்றது படிப்பவருக்கே புரியும்.

என்னை அதிகம் உறுத்தியது 'கவனக்குறைவாக' என்பதுதான். மோதியதை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. இதுபோன்ற வழக்கு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, அடிபட்டவர் மீதும் தவறு உண்டு என்று காட்டி, அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்கச் சொல்லி இன்சூரன்ஸ் தரப்பு வாதாடும். படித்த பள்ளியே அப்படி எழுதியிருக்கிறதே என்று ஒரு தாளை நீட்டினால், தீர்ப்பாயம் அதை ஏற்காமல் போகலாம். ஆனாலும் அதற்குப் பதில் சொல்லும் பாரம் அவன் அப்பாவின் தலையில் விழும். டிரைவர் குடித்திருந்தார் என்று சேர்க்கச் சொன்னார் சக ஆசிரியர் ஒருவர். அதையும் யாரும் பார்க்கவில்லை என்பதால் மறுத்துவிட்டேன்.

'விதியின் விளையாட்டு' என்ற வரியையும் அடித்தேன். விதி என்று சொல்லிவிட்டால் அந்தச் சாலையில் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பெயரும் போட்டோவும் போயின. குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவில் தடுக்கிறது. வழக்கு எப்படிப் போனாலும், போனுக்குப் போன் பரவப்போகும் தாளில் அவன் முகம் எதற்கு? அவன் காலை எடுக்க நேரலாம் என்று யாரோ சொன்னதும் அறிக்கையில் இருந்தது. அவன் அம்மாவைக் கேட்டேன். "ஆபரேஷன் நடந்திருக்குன்னு மட்டும் போடுங்க டீச்சர். வேற எதுவும் வேணாம்" என்றார்.

"நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர் நேற்று மாலை வீடு திரும்பும்போது லாரி மோதிக் காயமடைந்தார். அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருக்கிறார். அவர் குடும்பத்துக்குத் துணையாக இருக்கிறோம். விபத்து குறித்துக் காவல்துறை விசாரிக்கிறது. அவருடைய படத்தைப் பகிர வேண்டாம்" என்று திருத்தினேன்.

"பள்ளி மேல பழி வந்துடுமேம்மா" என்றார் தலைமையாசிரியர். எங்கும் பள்ளியின் தவறு என்று எழுதவில்லையே சார் என்று காட்டினேன். பிள்ளைகளுக்குப் பெற்றோர் அறிவுரை சொல்ல வேண்டும் என்று பழைய அறிக்கை முடிந்திருந்தது. அந்த இடத்தில், இன்று முதல் பள்ளி விடும் நேரத்தில் இரண்டு ஆசிரியர்கள் சாலையோரம் நிற்பார்கள் என்று எழுதலாமா என்று கேட்டேன். யார் யார், எந்தெந்த நாள் என்று அவர் பட்டியல் போட்டுக் கையெழுத்திட்ட பிறகே அந்த வரியைச் சேர்த்தேன்.